விவாத இழை: அச்சிட்ட விலைப்பட்டியலின் கைப்பேசிப் படத்தை எக்செல் தாளாக மாற்றுவது எப்படி?

இளவரசு எழுதியது:

பட்டுக்கோட்டைக்கு அருகில் குழாய், பிட்டிங்ஸ், மோட்டார் உதிரிகள் விற்கும் சிறிய கடை எங்களுடையது. யூ.பி.வி.சி. பிட்டிங்ஸ் விலை மாறும்போதெல்லாம் மொத்த வியாபாரி அச்சிட்ட பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இந்த முறை மூன்று பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் பொருளின் குறியீடு, மில்லிமீட்டர் அளவு, இஞ்சு அளவு, வரி நீங்கிய விலை, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்த விலை ஆகியவை இருக்கின்றன. எல்போ, டீ, கப்ளர் என்று பொருளின் பெயர் ஒரு தொகுதிக்கு ஒருமுறைதான் அச்சிடப்பட்டுள்ளது. அதன் கீழே ஆறு அளவுகள் வருகின்றன.

இதைப் பில் போடும் மென்பொருளில் ஏற்றக்கூடிய எக்செல் தாளாக மாற்ற வேண்டும். ஒரு செயலியில் போட்டுப் பார்த்தபோது முக்கால் இஞ்சு என்பது விழுக்காட்டுக் குறியாகவும், அரை இஞ்சு பிப்ரவரி முதல் தேதியாகவும் வந்து நின்றன. விலைகள் சரியாகத்தான் தெரிகின்றன, ஆனாலும் நம்பி ஏற்றத் துணிவு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

---

சுந்தர் கோவை எழுதியது:

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை நண்பரே. படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, Open with என்பதில் Google Docs என்று கொடுத்தால், படத்துக்குக் கீழே எழுத்துகள் முழுவதும் வந்துவிடும். தமிழையும் படிக்கும், செலவும் இல்லை. அதை நகலெடுத்து எக்செலில் ஒட்டினால் வேலை முடிந்தது.

---

மின்னச்சு எழுதியது:

சுந்தர் சொன்ன வழியில் எழுத்துகள் பெரும்பாலும் சரியாகவே வரும் என்பது உண்மைதான். ஆனால் பட்டியலின் கட்டம் அதில் நிலைப்பதில்லை. பல நேரங்களில் முதல் நிரலின் குறியீடுகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவை முடிந்த பிறகு விலைகள் எல்லாம் வரிசையாக வரும். இடையில் ஒரே ஒரு விலை விடுபட்டிருந்தாலும், அதற்குக் கீழே உள்ள எல்லா விலைகளும் ஒரு வரி மேலே ஏறி, வேறு பொருளுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். கடிதத்துக்கு அந்த வழி போதும், விலைப்பட்டியலுக்குப் போதாது.

இளவரசு, மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு படத்தைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் சுமார் 1600 புள்ளிகளுக்குச் சுருங்கிவிடுகிறது. ஏ4 தாளின் நீளம் 11.7 இஞ்சு என்பதால், ஓர் இஞ்சுக்கு ஏறத்தாழ 137 புள்ளிகள்தான் கிடைக்கும். பட்டியல்களில் வழக்கமாக இருக்கும் பொடி எழுத்தில் ஓர் இலக்கத்தின் உயரம் அந்தப் படத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். தசமப் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அது அழிந்து போவதில் வியப்பில்லை. அதே தாளை 12 மெகாபிக்சல் கேமராவால் சட்டகம் நிறைய எடுத்தால் நீளம் 4000 புள்ளிகள், அதாவது ஓர் இஞ்சுக்கு 340 வரை வரும். எழுத்துணரி மென்பொருள்களுக்கு 300 இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு.

ஆகையால் வியாபாரியிடம் அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது சுருங்காமல் வரும். தாள் உங்கள் கைக்கே வருமானால் ஜன்னல் பக்கம் சமதளத்தில் விரித்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து பக்கத்துக்கு ஒரு படமாக எடுங்கள். வழவழப்பான தாளில் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்த இடத்தில் எண்ணே இருக்காது. மடிப்புக் கோடு ஓடும் வரியில் 3-ம் 8-ம் குழம்பும்.

---

பேரேடு எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாக ஹார்டுவேர் வியாபாரத்தில் இருப்பவன். முதலில் ஒன்று கேட்கிறேன். அச்சிட்ட பட்டியல் என்றால் அதை எங்கோ ஒரு கணினியில்தானே தயாரித்திருப்பார்கள்? அந்த எக்செல் கோப்பையோ பி.டி.எஃப். கோப்பையோ நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள்.

கொடுக்காவிட்டால் ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்யுங்கள். மூன்று பக்கம் என்பது ஒரு மாலை வேலை. இயந்திரம் செய்த பிழையைத் தேடி அலைவதைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

---

இளவரசு எழுதியது:

பிரதிநிதியிடம் கேட்டேன் ஐயா. எக்செல் கோப்பை வெளியில் தருவதில்லை என்று சொல்லிவிட்டார். வியாபாரி டாக்குமெண்டாக அனுப்பிவிட்டார். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. வாசிப்பதற்குத் தங்கை இருக்கிறாள். ஆனால் மாதம் ஒருமுறைகூட விலை மாறுவதுண்டு. ஒவ்வொரு முறையும் அவளை உட்கார வைக்க முடியாது.

---

மாணிக்கம் ஸ்டோர் எழுதியது:

எனக்கும் இதே தொல்லைதான். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மண்டியிலிருந்து வரும் விலைத்தாள் தமிழில் இருக்கும். அதன் மேல் பேனாவால் அடித்துத் திருத்தியிருப்பார்கள். கடுகு கிலோவுக்கும், ஏலக்காய் நூறு கிராமுக்கும், எண்ணெய் டின்னுக்கும் விலை போட்டிருப்பார்கள். எக்செலில் படத்திலிருந்து தரவு எடுக்கும் வசதி இருக்கிறது என்று சொன்னார்கள். போட்டுப் பார்த்தால் தமிழ் முழுவதும் குப்பையாக வருகிறது. இதற்கு என்ன வழி?

---

மின்னச்சு எழுதியது:

மாணிக்கம் அண்ணா, எக்செலின் அந்த வசதி ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்து மொழிகளுக்காகச் செய்தது, தமிழைப் படிக்காது. அச்சுத் தமிழுக்கு டெசரக்ட் என்ற இலவச மென்பொருளில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்:

```
tesseract pakkam1.png pakkam1 -l tam+eng --psm 6
```

அதில் 6 என்பது பக்கம் முழுவதையும் ஒரே தொகுதியாக, வரி வரியாகப் படிக்கச் சொல்வது. இதைச் செய்யாவிட்டால் நிரல் நிரலாகப் பிரித்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆனால் பேனாவால் அடித்துத் திருத்திய விலைக்கு இதை நம்பாதீர்கள். அடித்த விலையைப் படித்துவிட்டு, திருத்திய விலையை விட்டுவிடும். உங்கள் பட்டியலுக்குப் பேரேடு ஐயா சொன்னபடி கையால் தட்டச்சு செய்வதே சரி. அலகுக்குத் தனி நிரல் வைத்துக்கொள்ளுங்கள்.

இளவரசுவின் பட்டியல் ஆங்கில அச்சு என்பதால் எக்செலிலேயே போகலாம். மைக்ரோசாஃப்ட் 365 உள்ள கணினியில் Data பட்டியின் கீழ் From Picture என்று இருக்கும். கைப்பேசி எக்செலிலும் உண்டு. பக்கம் பக்கமாகக் கொடுங்கள். தலைப்புப் படங்களையும் அடிக்குறிப்பையும் வெட்டிவிட்டு அட்டவணையை மட்டும் கொடுங்கள். தனக்குச் சந்தேகமான கட்டங்களை அது நிறமிட்டுக் காட்டும். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு உள்ளே இடலாம். ஆனால் அது சந்தேகப்படும் கட்டங்களைத்தான் காட்டும். 28.60 என்பதை 26.60 என்று உறுதியோடு படித்துவிட்டால் நிறம் இருக்காது. கடைக்கு நட்டம் வருவது அந்த இடத்தில்தான்.

இஞ்சு நிரலைப் படிக்கவே விடாதீர்கள். 1/2 என்று உள்ளே வந்தால் எக்செல் அதைத் தேதியாக்கும். 1 1/4 என்று வந்தால் அதைப் பின்னமாக ஏற்று 1.25 என்று வைத்துக்கொள்ளும். ஒரே நிரலில் பாதி தேதி, பாதி எண் என்றால் பிறகு எதையும் தேட முடியாது. மில்லிமீட்டர் அளவு முழு எண். அதைத் தவறாகப் படிப்பது அரிது. 15 என்றால் அரை, 20 என்றால் முக்கால், 25 என்றால் ஒன்று, 32 என்றால் ஒன்றேகால், 40 என்றால் ஒன்றரை, 50 என்றால் இரண்டு. இந்த ஆறு வரிகளைத் தனித் தாளில் எழுதி வைத்து அதிலிருந்து இஞ்சை வரவழைத்துக்கொள்ளலாம்.

---

இளவரசு எழுதியது:

அப்படியே செய்தேன். இஞ்சு நிரலை வெட்டிய பிறகு தாள் ஒழுங்காக வந்தது. A நிரலில் பொருள், B-யில் அளவு, C-யில் குறியீடு, D-யில் வரி நீங்கிய விலை, E-யில் வரி சேர்த்த விலை. எல்போ பகுதி இப்படி வந்திருக்கிறது:

```
15   12.40   14.63
20   17.50   20.65
25   26.60   33.75
32   5230    6171
40   74.80   88.26
50   126.50  149.27
```

32-க்குப் புள்ளி போனது கண்ணுக்கே தெரிகிறது. இதைப் போல் கண்ணுக்குத் தெரியாதவை எத்தனை இருக்குமோ என்பதுதான் என் கவலை.

---

மின்னச்சு எழுதியது:

நீங்கள் கொடுத்ததிலேயே இன்னொன்று இருக்கிறது. 25 மி.மீ. வரியில் 26.60-க்கு 18 விழுக்காடு சேர்த்தால் 31.39 வர வேண்டும், ஆனால் 33.75 இருக்கிறது. 33.75-ஐ 1.18-ஆல் வகுத்தால் 28.60 வருகிறது. ஆகவே 8-ஐ 6 என்று படித்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உங்கள் பட்டியலில் இரண்டு விலை நிரல்கள் இருப்பது நல்வாய்ப்பு. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. F2 கட்டத்தில் இதை எழுதிக் கடைசி வரி வரை இழுங்கள்:

```
=IF(ABS(E2-ROUND(D2*1.18,2))>0.02,"பார்","")
```

இரண்டு காசு விட்டுவைத்திருப்பது அவர்கள் முழுமையாக்கிய விதம் வேறுபடலாம் என்பதற்காக. முழு ரூபாய்க்கு முழுமையாக்கும் பட்டியலாக இருந்தால் 0.02 என்ற இடத்தில் 0.51 என்று வைக்க வேண்டும். 0-வுக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைப் படித்திருந்தால் அந்த வரியில் #VALUE! என்று வரும், அதுவும் உங்களுக்கு உதவிதான். ஏதாவது ஓர் அளவுக்கு விலை இல்லாமல் கோடு மட்டும் போட்டிருந்து, அதனால் எண்கள் ஒரு கட்டம் நகர்ந்திருந்தாலும் இந்தச் சோதனையில் சிக்கிவிடும்.

ஆனால் 32 மி.மீ. வரியைப் பாருங்கள். 5230-ஐ 1.18-ஆல் பெருக்கினால் 6171.40. நாற்பது காசு வித்தியாசம் இருப்பதால் இங்கே சிக்குகிறது. விலை 52.50, 61.95 என்று இருந்து, இரண்டிலும் புள்ளி போயிருந்தால் 5250, 6195 என்று கணக்குக் கச்சிதமாகப் பொருந்தி, சோதனை வாய் திறக்காது. அதற்குத்தான் இரண்டாவது சோதனை: ஒரே பொருளில் அளவு கூடும்போது விலையும் கூட வேண்டும். இதை G3 கட்டத்தில் எழுதிக் கீழே இழுங்கள்:

```
=IF(AND(A3=A2,D3<=D2),"பார்","")
```

இதற்கு A நிரலில் எல்லா வரிகளிலும் பெயர் இருக்க வேண்டும். முதல் பெயரிலிருந்து கடைசி வரி வரை A நிரலைத் தேர்ந்து, F5 அழுத்தி, Special, Blanks என்று கொடுத்தால் வெற்றுக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். முதல் வெற்றுக் கட்டம் A3 என்றால் =A2 என்று தட்டச்சு செய்து Ctrl+Enter அழுத்துங்கள். பிறகு நிரலை நகலெடுத்து அதே இடத்தில் மதிப்பாக ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வரிசைப்படுத்தும்போது பெயர்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

---

கலைவாணி எழுதியது:

கணக்காளராக வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு சேர்க்கை. மின்னச்சு அவர்களின் இரண்டாவது சோதனையில் ஒரு சந்து இருக்கிறது. தொகுதியின் நடுவில் புள்ளி போனால், விலை சரியாக இருக்கும் அடுத்த வரியில்தான் "பார்" விழும். இளவரசுவின் தாளில் 32-க்கு அல்ல, 40-க்கு விழும். புதியவர் அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சரிதானே என்று போய்விடுவார். புள்ளி போனது கடைசி அளவான 50-இல் என்றால் எங்குமே விழாது. 12650 என்பது 74.80-ஐவிடப் பெரியதுதானே. ஆகவே மேல் வரம்பும் தேவை:

```
=IF(A3=A2,IF(OR(D3<=D2,D3>D2*3),"பார்",""),"")
```

எல்போவில் ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்கு விலை இரண்டு மடங்கைத் தாண்டவில்லை என்பதால் மூன்று மடங்கு என்று வைத்தேன். ரெடியூசர், ரெடியூசிங் டீ ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. 40-லிருந்து 15-க்குக் குறைப்பதும், 40-லிருந்து 32-க்குக் குறைப்பதும் எந்த வரிசையில் அச்சிடப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து வீணாக நிறைய "பார்" விழும். அந்தப் பகுதிகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். 25x20 என்பதிலுள்ள பெருக்கல் குறியை வேறு எழுத்தாகப் படித்திருக்கவும் கூடும்.

பழைய கொள்முதல் பில்கள் இருக்குமே, அவற்றையும் பக்கத்தில் வையுங்கள். விலை ஏறும்போது நிறுவனங்கள் ஒரு பொருள் வகை முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே விழுக்காட்டில்தான் ஏற்றும். எல்லாம் நான்கு விழுக்காடு ஏறியிருக்க, ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அது விலை இறக்கம் அல்ல, படிப்பதில் வந்த பிழை.

இன்னொன்று. பட்டியலில் இருப்பது பட்டியல் விலை. உங்களுக்கு வியாபாரி அதில் தள்ளுபடி கொடுப்பார். தள்ளுபடியைக் கழித்த விலையைத் தாளில் எழுதாதீர்கள். D நிரல் அச்சில் உள்ளபடியே இருக்கட்டும். தள்ளுபடி விழுக்காடு வேறு நிரலில் இருக்கட்டும்.

---

பேரேடு எழுதியது:

அதில் எனக்கு உடன்பாடு இல்லை அம்மா. கடையில் நிற்கும் பையனுக்குத் தேவை அடக்க விலை ஒன்றுதான். இரண்டு விலையைக் காட்டினால் பெரியதைப் பார்த்து வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவான், அல்லது சின்னதை. தள்ளுபடி போன நிகர விலையை மட்டும் வைப்பதே எங்கள் வழக்கம்.

---

கலைவாணி எழுதியது:

ஐயா, எல்போவுக்கு ஒரு தள்ளுபடி, பித்தளை போட்ட பிட்டிங்ஸுக்கு வேறு தள்ளுபடி என்று இருக்கும்போது, நிகர விலை மட்டும் உள்ள தாளை அடுத்த பட்டியலோடு ஒப்பிடவே முடியாது. மாற்றம் பட்டியலிலா தள்ளுபடியிலா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். பையன் பார்க்கும் தாளில் வேண்டுமானால் அந்த நிரல்களை மறைத்துக்கொள்ளலாம்.

---

பேரேடு எழுதியது:

மறைத்ததைத் திறந்து பார்ப்பதுதான் அவர்களுக்கு முதல் வேலை.

---

சுந்தர் கோவை எழுதியது:

இவ்வளவு சோதனை தேவையா? மென்பொருளில் ஏற்றிய பிறகு பில் போடும்போது தவறு தெரிந்தால் அப்போது திருத்திக்கொள்ளலாமே.

---

மின்னச்சு எழுதியது:

5230 என்று ஏறினால் பில் போடும்போது தெரியும். 28.60-க்குப் பதில் 26.60 என்று ஏறினால் யாருக்குத் தெரியும்? இரண்டு ரூபாய் குறைவு என்று எந்த வாடிக்கையாளரும் சொல்ல மாட்டார்.

இளவரசு, ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மென்பொருள் முதலில் படித்துக் கொடுத்த தாளைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, அதன் நகலில் திருத்துங்கள். பக்க எண்ணுக்கு ஒரு நிரல் இருந்தால் சந்தேகம் வரும்போது படத்தில் தேடுவது எளிது. பட்டியல் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று மேலே அச்சிட்டிருப்பார்கள், அதையும் எழுதிவிடுங்கள். படத்தில் உள்ள வரிகளைப் பக்கவாரியாக எண்ணி, தாளில் D நிரலுக்கு COUNT போட்டுப் பொருத்திப் பாருங்கள். முழு வரியே விடுபட்டிருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது.

---

இளவரசு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி விடுபட்டிருந்தது. எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "பார்" விழுந்தவற்றில் பெரும்பாலானவை புள்ளி போனவையும் 6, 8 குழப்பமும்தான். அவற்றைப் படத்தைப் பார்த்துத் திருத்திவிட்டேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. 40x25 ரெடியூசருக்கு 41.20 என்றும், வரி சேர்த்து 47.85 என்றும் இருக்கிறது. கணக்குப்படி 48.62 வர வேண்டும். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அச்சிலேயே 47.85 என்றுதான் தெளிவாக இருக்கிறது.

---

கலைவாணி எழுதியது:

47.85-ஐ 1.18-ஆல் வகுத்தால் 40.55 வருகிறது. உங்கள் பழைய பில்லில் இந்த ரெடியூசரின் பட்டியல் விலை 40.55 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவர்கள் புதிய விலையை ஒரு நிரலில் மாற்றிவிட்டு மற்றதை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

---

இளவரசு எழுதியது:

பழைய பில்லில் 40.55-தான் இருக்கிறது. அப்படியானால் 41.20 என்று ஏற்றிவிடலாமா?

---

மின்னச்சு எழுதியது:

பில் போடுவது வரி நீங்கிய விலையின் மேல்தான் என்பதால் 41.20 என்று கொள்வதே பொருத்தம். இருந்தாலும் அச்சில் உள்ள 47.85-ஐ E நிரலில் அப்படியே விட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதி வையுங்கள்.

---

பேரேடு எழுதியது:

வியாபாரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள் தம்பி. பழைய விலைக்கே தருகிறேன் என்று சொன்னாலும் சொல்வார்.